பயன்படாத மேகம்

மேகங்கள் தம் விருப்பப்படி வானில் திரிந்த காலம் போய், அவற்றை ஜாடிகளில் அடைத்து அரண்மனைக் களஞ்சியத்தில் அடுக்கிவைக்கும் காலம் வந்துவிட்ட ஒரு நாட்டில் இது நடந்தது. எல்லை மலையைத் தாண்டி வரும் மேகம் எதுவாயினும் அரசாங்க வலையில் சிக்கும். அதை இறக்கி, ஜாடியில் திணித்து, வாயை மெழுகால் அடைத்துவிடுவார்கள். மழையை ஒழுங்குபடுத்துவதற்காகவே இந்த ஏற்பாடு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதன்பின் மழை மிகவும் ஒழுங்காகிவிட்டது, பெய்வதே இல்லை.

கீழ்த்தெருவில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. கடைசியில் அத்தெருவில் வாழ்ந்த நாடகக்காரர் ஒருவருடைய அக்காள் வீட்டுக் கிணறு மட்டும் மிஞ்சியது. தெருவே அங்கு வந்து நீர் இறைத்தது. ஒரு நாள் காலையில் வாளி சேற்றோடு மேலே வந்தது. அக்காள் அந்தச் சேற்றைத் தம்பியின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"தெருவுல நாலு வார்த்தை கோவையா பேசத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். அரமனைக்குப் போய் ஒரு மேகம் கேட்டு வாங்கிட்டு வா."

"கேட்டா குடுத்துருவாங்களாக்கா?"

"பெரிசா கேக்காதே. இருக்கறதுலயே சின்னதா, யாருக்கும் வேண்டாத மேகமா ஒண்ணு கேளு. ஓரம் கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல."

நாடகக்காரர் சந்தை மேடையில் நாடகம் எழுதி ஆடிப் பிழைப்பவர். அவருடைய நாடகங்களில் எந்த அரசரும் இறுதிக் காட்சிக்குள் திருந்திவிடுவார். அந்த நம்பிக்கையோடுதான் அவர் அரண்மனைக்குப் புறப்பட்டார்.

வாயிலில் அவரை யாரும் தடுக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கூரையின் கீழேயே குடையை விரித்துப் பிடித்திருந்தார்கள். சிலரிடம் வெள்ளைக் குடை, மற்றவர்களிடம் கறுப்புக் குடை. அவர் ஒவ்வொருவரிடமும் சென்று வணங்கி, கீழ்த்தெருவின் நிலையை எடுத்துச் சொன்னார். அவர்கள் அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்கள். திரும்பி வந்து காவலாளியிடம் கேட்டபோது அவன் மட்டும் உதடு அசையாமல் பதில் சொன்னான்.

"குடை இல்லாத ஆளை உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு இல்லீங்க. குடை இல்லாத ஆளே கிடையாதுன்னுதான் உத்தரவு. நீங்க இப்ப இங்க இல்ல. நானும் உங்ககிட்ட பேசல."

தாம் இல்லை என்பதை எப்படி மறுப்பது என்று விளங்காமல் நின்றவரை ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். மேகக் காப்பாளர்! களஞ்சியத்து ஜாடிகளைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் பெற்ற ஒரே மனிதர். ஒரு காலத்தில் நாடகக்காரரின் குழுவில் கோமாளி வேடம் போட்டவர். எழுதித் தந்த வசனம் முடிந்த பின்னும் வாயை மூடத் தெரியாமல் பேசிக்கொண்டே போய், திரையை இறக்கிய பிறகுதான் நிறுத்துவார்.

"அண்ணே, இங்க மனு குடுத்தா காதுல ஏறாது" என்றார் காப்பாளர். "சூழ்ச்சி வகுக்கத் தெரியும்னு சொல்லுங்க. உக்கார வெச்சுத் தண்ணி குடுப்பாங்க."

"எனக்கெதுக்குப்பா சூழ்ச்சி? எனக்கு மேகம்தான் வேணும்."

"மேகம் சூழ்ச்சி வழியாத்தாண்ணே வெளிய வரும். வேற கதவு இல்ல."

அரண்மனையில் சூழ்ச்சித் துறை என்று ஒன்று இருந்தது. அண்டை நாடுகளின் தூதர்கள் ஆண்டுதோறும் வந்து அவையைப் பார்வையிடுவார்கள். அவர்கள் கண்முன்னே தக்க சூழ்ச்சி ஒன்றை நடத்திக் காட்டுவதே அந்தத் துறையின் கடமை. இல்லாதவர்களையும் காண்பதற்கு அனுமதி பெற்றிருந்த ஒரே அதிகாரி அதன் தலைவர்தான். அவர் நாடகக்காரரை உட்காரவைத்தார். காப்பாளர் சொன்னபடியே தண்ணீரும் கொடுத்தார். நாடகக்காரர் பாதி குடித்துவிட்டு, மீதியை அக்காளுக்கு எடுத்துச் செல்ல வழியுண்டா என்று பார்த்தார்.

"சூழ்ச்சி இல்லாத அவையை எந்த நாடும் மதிக்காது, ஐயா" என்று தலைவர் தொடங்கினார். "பிடுங்கிக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று தூதர்கள் நினைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அவையில் சூழ்ச்சி இல்லாவிட்டால் மக்கள் ஆட்சியைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த அவமானத்திலிருந்து அரசரைக் காப்பாற்றவே இந்தத் துறை இரவு பகலாக உழைக்கிறது."

"அப்ப மழையை விட்டுட்டா மக்கள் சந்தோஷமா இருப்பாங்களே" என்றார் நாடகக்காரர்.

தலைவர் அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பெய்த மழைக்கு யாரும் கடன்படமாட்டார்கள், ஐயா. அடைத்துவைத்த மழைக்கு எல்லோரும் கடன்பட்டவர்கள். பெய்துவிட்டால், நாளைக்கு எங்களைப் பார்க்க யார் வருவார்கள்?"

அவையில் இரண்டு அணிகள் இருந்தன. வெண்குடை அணிக்கு அரசரின் அத்தை தலைவி. மேகக் களஞ்சியம் அவர் பொறுப்பில் இருந்தது; அவர் சொல்லாமல் காப்பாளர் ஜாடியைத் தொடமாட்டார். கருங்குடை அணிக்கு அரசரின் தாய்மாமன் தலைவர். படையும் குதிரை லாயமும் அவர் கையில். இவர்கள் இருவரும் எதற்காகப் பகைத்துக்கொண்டார்கள் என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. ஆனால் பகையைக் கைவிட்டால் எந்தக் குடையைப் பிடிப்பது என்ற சிக்கல் எழுமாகையால் அதைப் பேணிக் காத்துவந்தார்கள்.

ஒத்திகை முடியும்வரை மட்டும் இவரைக் காணலாம் என்று துறைத் தலைவர் எழுதித் தந்த சீட்டைக் காட்டி, நாடகக்காரர் இருவரிடமும் தனித்தனியே பேசினார். நாடகம் எழுதும்போது பாத்திரங்களைக் கேட்கும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: உங்களுக்கு என்ன வேண்டும், அது யார் கையில் இருக்கிறது?

அத்தைக்குத் தன் பேரனைக் குதிரை லாயத் தலைவனாக்க வேண்டும். "பையனுக்குக் குதிரைன்னா பயம். அதுக்காக, பதவி இல்லாம இருக்க முடியுமா?" என்றார். லாயம் தாய்மாமன் கையில் இருந்தது.

தாய்மாமனுக்குத் தம் நாற்காலி அரசரின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு வர வேண்டும். "ராஜாவுக்கு இடது காது மந்தம்ப்பா. இத்தனை வருஷமா நான் சொன்ன ஆலோசனை எல்லாம் அந்தக் காதுக்குள்ளதான் போயிருக்கு" என்று வருந்தினார். நாற்காலியை நகர்த்தும் உரிமை மண்டபக் கண்காணிப்பாளருக்கு மட்டுமே உண்டு.

மண்டபக் கண்காணிப்பாளருக்கு வேண்டியது வேறு. அரண்மனை முற்றத்தில் நடக்கவிருந்த மகளின் கல்யாணத்தில் பந்தலுக்கு மேலே ஒரு மேகம் நிழலாக நிற்க வேண்டும். "சம்பந்தி வீட்டுக்காரங்க வாயடைச்சுப் போகணும்" என்றார். மேகமோ அத்தையின் பொறுப்பில் இருந்தது.

நாடகக்காரர் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார். வளையம் தானாகவே கூடிவந்திருந்தது. அத்தை மேகம் தருவார். கண்காணிப்பாளர் நாற்காலியை நகர்த்துவார். தாய்மாமன் பேரனுக்குப் பதவி தருவார். எவருக்கும் வேண்டியது அவர் உதவி செய்யும் ஆளிடம் இல்லை. அடுத்தவருக்கு அடுத்தவரிடம் இருந்தது. ஆகையால் ஒருவரை ஒருவர் வெறுத்துக்கொண்டே ஒத்துழைக்கலாம். அதற்கும் மேலாக, களஞ்சியத்தின் சட்டம் ஒன்று இருந்தது: ஒருமுறை பயன்பட்ட மேகத்தை ஜாடிக்குள் திரும்ப அடைக்கக் கூடாது, பெரிய விசிறிகளால் மதிலுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். மதிலுக்கு வெளியே இறக்கத்தில் இருந்தது கீழ்த்தெரு.

அவர் துறைத் தலைவரிடம் திட்டத்தை விளக்கினார்.

"எல்லா உதவியும் ஒரே நாள்ல கைமாறக் கூடாதுங்க. முன்னால உதவி பண்ணினவருக்கு, பதில் உதவி வருமா வராதான்னு பயம் இருக்கணும். அந்தப் பயம்தான் கதையை இழுத்துட்டுப் போகும். அதனால நாற்காலி முதல்ல நகரட்டும். மேகம் கல்யாணத்தன்னிக்கு. பதவி அதுக்கும் அப்புறம். ஒவ்வொருத்தருக்கும் பாதிதான் தெரியணும். நாற்காலி ஏன் நகருதுன்னு அத்தைக்குத் தெரியக் கூடாது. மேகம் யார் தயவுல வருதுன்னு மாமாவுக்குத் தெரியக் கூடாது."

தலைவர் கண்ணை மூடி ரசித்துக் கேட்டார். "அருமை. ஆனால் எல்லோரும் கேட்டதைப் பெறுகிறார்கள். இது நிர்வாகம் போல இருக்கிறதே. ஒரு துரோகம் வேண்டும், ஐயா. சத்தமில்லாத துரோகமாக ஒன்றே ஒன்று."

"மாமா கடைசியில பதவி குடுக்காம ஏமாத்திடலாமே."

"அவர் ஏமாற்றினால் அது துரோகமாகாது, பழக்கம். தூதர்கள் கொட்டாவி விடுவார்கள். துரோகி என்பவன் எப்படி இருக்க வேண்டும்? உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள்."

நாடகக்காரர் தம் தொழிலைப் பற்றிக் கேட்டால் மயங்கிவிடுபவர். மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னார்.

"ஒருத்தர் முழுசா நம்பற ஆளா இருக்கணும். கெட்டவனா இருக்கக் கூடாது. துரோகத்தால பெரிய லாபம் வரவும் கூடாது. விசுவாசமா இருந்தா இருக்கறதும் போயிடும்ங்கற நெருக்கடி வரணும். எதையாவது செஞ்சு துரோகம் பண்றதை விட, செய்ய வேண்டிய சின்ன விஷயத்தைச் செய்யாம விட்டுடறதுதான் நெஞ்சுல தைக்கும்."

"செய்யாமல் விடுவது" என்று தலைவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். "துரோகியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் கவலைப்படாதீர்கள்."

ஒத்திகைகள் தொடங்கின. அரண்மனையில் இரகசியம் பேசுவதற்கென்று ஒரு நடைகூடம் இருந்தது. வேறெங்கும் இரகசியம் பேசுவது குற்றம். ஆகையால் அங்கே எப்போதும் வரிசை நின்றது. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் அரசாங்க ஒட்டுக்கேட்பவர் ஒருவர் முக்காலியில் அமர்ந்திருப்பார்.

தாய்மாமனும் கண்காணிப்பாளரும் நாற்காலி பற்றிக் கிசுகிசுத்தபோது தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் சத்தமா பேசுங்கய்யா. பாதி காதுல விழல. மேல கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

"வலது பக்கம் நாற்காலின்னேன்" என்று தாய்மாமன் உரக்கக் கூறினார்.

"அது கேட்டுச்சுங்க. அதுக்குப் பதிலா நீங்க என்ன குடுப்பீங்கன்னு சொன்னதுதான் கேக்கல."

"அதை நான் சொல்லவே இல்லியே."

"ஆங், அப்ப சரி. 'சொல்லாமல் மறைத்தார்'னு போட்டுக்கறேன்."

தாய்மாமன் அகன்ற உடம்புக்காரர். அவருக்கு ஒதுக்கப்பட்ட தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றால் இரண்டு பக்கமும் தெரிந்தார். தூணை அகலப்படுத்துவதா, அவரைத் தூணாகவே அறிவித்துவிடுவதா என்று துறையில் விவாதம் நடந்தது. பின்னது எளிது என்று முடிவாகி, அன்று முதல் அவர் அங்கே நிற்கும்போது யாரும் அவருக்கு வணக்கம் சொல்லக் கூடாது என்று உத்தரவாயிற்று.

நாடகக்காரருக்கு அரண்மனையில் தங்க இடம் கொடுத்தார்கள், உணவு கொடுத்தார்கள். குடை மட்டும் கொடுக்கவில்லை. திட்டம் முடிந்த பிறகுதான் மரியாதை என்றார்கள். ஒரு நாள் பிற்பகலில் அவர் களஞ்சியத்துக்குப் போனார். ஜாடிகளுக்குள்ளே மேகங்கள் புரண்டு படுக்கும் ஓசை மெல்லக் கேட்டது. சில ஜாடிகள் ஓரத்தில் வியர்த்திருந்தன. மேகக் காப்பாளர் துணியால் அந்த ஈரத்தைத் துடைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் வாளியில் பிழிந்துகொண்டிருந்தார்.

"உன் கையிலதான்ப்பா இருக்கு" என்றார் நாடகக்காரர். "கல்யாணம் முடிஞ்சதும் ராஜா 'மேகம் பயன்பட்டதா'ன்னு கேப்பாரு. நீ 'பயன்பட்டது'ன்னு சொல்லணும். அவ்வளவுதான். விசிறிக்காரங்க தள்ளி விட்டுடுவாங்க. தெருவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன், எல்லாரும் பானையைக் கழுவி வெச்சுட்டுக் காத்திருக்காங்க."

"கழுவத் தண்ணி ஏதுண்ணே?"

"சாம்பல் போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்காங்க."

காப்பாளர் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டார். துணியைப் பிழிந்தபடி கேட்டார்: "அண்ணே, ஒண்ணு கேக்கவா? நடிப்புல எது ரொம்பக் கஷ்டம்?"

"சும்மா நிக்கறதுதான். வசனம் இல்லாம நிக்கறது. உனக்கு அது கடைசி வரைக்கும் வரலியே."

"ஆமா. வரல" என்றார் காப்பாளர். பிறகு, யாரும் கேட்காமலே, "என் பிள்ளைங்க ரெண்டும் இங்க அரமனை வீட்டுலதான் இருக்குதுங்க. தினமும் குளிச்சிட்டுப் பள்ளிக்கூடம் போகுதுங்க" என்றார்.

"நல்லா இருக்கட்டும்" என்று மனமார வாழ்த்திவிட்டு வந்தார் நாடகக்காரர்.

கல்யாண நாள் வந்தது. தூதர்கள் மேல்மாடத்தில் அமர்ந்தார்கள். அரசர் முற்றத்துக்கு எதிரே அரியணையில் இருந்தார். அவருடைய வலப்பக்கத்தில் தாய்மாமனின் நாற்காலி இருந்தது. அதைக் கண்ட அத்தையின் வெண்குடை நடுங்கியது. தூதர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். மேகக் காப்பாளர் ஜாடியைச் சுமந்துவந்து மெழுகைப் பிரித்தார். கசங்கிய பஞ்சுபோல் ஒன்று தயங்கித் தயங்கி வெளியே வந்தது. ஓரம் கிழிந்த சின்ன மேகம். அக்காள் கேட்டது போலவே இருந்தது. அது மேலெழுந்து, சோம்பல் முறித்து, கல்யாணப் பந்தலின்மேல் நின்றது. மணமக்கள்மேல் நிழல் விழுந்தது. சம்பந்தி வீட்டார் வாயடைத்துப் போனார்கள். கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்தது. மணி அடிக்கப்பட்டது. அரசர் தமக்கு அந்த நாளில் அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"மேகம் பயன்பட்டதா?"

மணியின் அதிர்வு ஓய்வதற்குள் காப்பாளர் விடை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பயன்படவில்லை என்று பொருள். காப்பாளர் அரசரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். மணியோசை மெலிந்துகொண்டே போயிற்று. நாடகக்காரர், நண்பர் சொல்லை மறந்துவிட்டாரோ என்று நினைத்து, மேடையோரத்திலிருந்து எடுத்துக்கொடுப்பது போல் உதடசைத்துக் காட்டினார். காப்பாளர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு உதடுகளை இன்னும் அழுத்தி மூடிக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் வாயை மூடத் தெரியாத அந்த மனிதர் அப்போது ஒரு கற்சிலை போல் நின்றார்.

"பயன்பட்டதுங்க, மகாராஜா" என்று நாடகக்காரர் முன்னால் ஓடிச் சொன்னார். "நாங்க எல்லாரும் பாத்தோம். நிழல் விழுந்துச்சு. நீங்களும் பாத்தீங்க."

யாரும் திரும்பவில்லை. அவர் கையில் குடை இல்லை.

மணி ஓய்ந்தது. காப்பாளர் ஜாடியை உயர்த்தினார். விசிறிக்காரர்கள் மேகத்தை உள்ளே தள்ளினார்கள். அதன் கிழிந்த ஓரம் ஜாடி வாயில் ஒரு கணம் தொங்கிற்று. காப்பாளர் அதையும் விரலால் மெதுவாக உள்ளே செருகி மூடினார். மேல்மாடத்தில் தூதர்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அரசரையோ அத்தையையோ அல்ல.

சூழ்ச்சித் துறைத் தலைவர் நாடகக்காரரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"எத்தனையோ ஆண்டுகளாகத் துரோகங்கள் நடத்தியிருக்கிறோம், ஐயா. துரோகம் செய்யப்பட்டவர்களின் முகம் மட்டும் எப்போதும் பொய்யாக இருக்கும். இந்த அவையில் யாரும் யாரையும் நம்பியதில்லையே, முகம் எப்படி மாறும்? நம்புகிற ஒருவர் எங்களுக்கு வெளியிலிருந்து தேவைப்பட்டார். உங்கள் இலக்கணத்தில் ஓர் எழுத்தையும் நாங்கள் மாற்றவில்லை. காப்பாளருக்கு லாபமும் ஒன்றும் இல்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று மட்டும் சொன்னோம்."

"அப்ப, மேகம்?" என்றார் நாடகக்காரர்.

"அது பத்திரமாக இருக்கிறது. அடுத்த ஆண்டும் தேவைப்படுமல்லவா? கண்காணிப்பாளருக்கு இரண்டாவது மகள் இருக்கிறாள்."

பேரனுக்குப் பதவி கிடைத்தது. அவனுக்காக லாயத்திலிருந்து குதிரைகள் அகற்றப்பட்டன. நாடகக்காரருக்கு அரச மரியாதையாக ஒரு குடை வழங்கப்பட்டது. இரு அணிகளும் மகிழ்ந்ததால் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக அது தைக்கப்பட்டிருந்தது. அரண்மனைக் குடைகளை எவரும் ஒருபோதும் மடக்குவதில்லை. ஆகையால் அவற்றில் மடக்கும் வசதியே வைப்பதில்லை. அதை வாங்கிய உடனே காவலாளிகள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். இப்போது பேசலாம் என்று அவர் அரசரிடம் ஓடினார். அரசர் அன்றைய கேள்வியை முடித்துவிட்டு உறங்கப் போயிருந்தார்.

வாயிலருகே மேகக் காப்பாளர் நின்றிருந்தார்.

"அண்ணே" என்றார். கையிலிருந்த ஈரத் துணியை முறுக்கியபடி, "சும்மா நின்னேனே, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

நாடகக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் தொழிலில் அவர் பொய் சொன்னதில்லை.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றார்.

குடையை மதிலோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போக முயன்றார். காவலாளி ஓடிவந்து அதை மீண்டும் கையில் கொடுத்தான். "மரியாதையைக் கீழ வெச்சா அவமதிப்புங்க. வீடு வரைக்கும் பிடிச்சிட்டே போகணும்."

இறக்கத்தில் அவர் நடந்தார். வெயில் வழக்கம்போல் அடித்தது. கீழ்த்தெருவின் முனையில் இருந்த குட்டிச்சுவருக்கு மேலாக, ஆள் தெரிவதற்கு முன்பே குடை தெரிந்தது. யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். அரண்மனைக்குப் போனவர் விரித்த குடையோடு வருகிறார் என்றால் அதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். கதவுகள் திறந்தன. சாம்பலால் தேய்த்த பானைகளும் குடங்களும் அண்டாக்களும் வாசல்களுக்கு வந்தன. சிறு பிள்ளைகள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோருடைய முகமும் மேலே பார்த்திருந்தது. வானம் துடைத்துவைத்தது போல் இருந்தது.

நாடகக்காரர் நடந்துகொண்டே சொல்ல முயன்றார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வளையத்திலிருந்தா, நாற்காலியிலிருந்தா, மணியிலிருந்தா? நாலு வார்த்தை கோவையாகப் பேசத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

அக்காள் வீட்டிலிருந்த மிகப் பெரிய குடத்தைத் தூக்கிவந்து, வாசலில் சரியான இடம் பார்த்து வைத்தாள். அது ஆடாதிருக்க அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாள். பிறகு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, தம்பியை முகம் மலரப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும், நீ போனா காரியம் நடக்கும்னு" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுடா. உன் குடை குடத்தை மறைக்குது."

நாடகக்காரர் தள்ளி நின்றார்.